மானிட்டரிங்: கண்காணிப்பும் சரிபார்ப்பும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் இளைஞர்களின் பணி ஆணைகளில் ‘எம்ப்ளாயி மானிட்டரிங்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி வருகிறது. அதை ‘பணியாளர் கண்காணிப்பு’ என்று பெயர்த்துவிட்டு மேலே செல்வது வழக்கம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அறத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட செயல்கள் அடங்கியிருப்பதால், தமிழில் எழுதும்போது அவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மானிட்டர் என்பதன் வேர் ‘மோனேரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். நினைவூட்டுவது, எச்சரிப்பது என்பது அதன் பொருள். தவறு நேருமுன் எடுத்துச் சொல்பவரே மானிட்டர். எச்சரிக்கப்படுபவருக்கு அவர் இருப்பது தெரிந்திருக்கும். தொலைவிலிருந்து ஒன்றன் நிலையைத் தொடர்ந்து அறிந்துகொள்வது என்ற பொருள் கருவிகளின் வருகைக்குப் பின்னர் வலுப்பெற்றது.

தமிழில் இதற்கு இணையாக நிற்கும் ‘கண்காணி’ மிகப் பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் ‘ஸ்ரீகாரியக் கண்காணி’ எனப்பட்டார். அங்கே கண்காணிக்கப்பட்டது காரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து, அங்கேயே அவர்களை மேய்த்தவர் பேச்சு வழக்கில் ‘கங்காணி’ ஆனார். இலங்கைத் தோட்டங்களில் தம் ஆட்களுள் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்குப்படி கங்காணிக்குத் தனியே காசு கிடைத்தது. பறித்த கொழுந்தின் தரத்துக்கும் அந்தக் காசுக்கும் தொடர்பில்லை. காரியத்தைப் பார்த்த கண் ஆளின் இருப்பைப் பார்க்கும் கண்ணாக மாறிய அந்த மாற்றம்தான் இன்றைய மென்பொருளிலும் தொடர்கிறது என்பது என் கருத்து.

அந்த மென்பொருள் செய்வது இதுதான். விசைப்பலகை அழுத்தங்களையும் மவுஸ் அசைவுகளையும் எண்ணுகிறது. குறித்த சில நிமிடங்கள் இரண்டும் இல்லையென்றால் அந்த நேரத்தை ‘ஐடில்’, அதாவது வேலையற்ற நேரம் என்று பதிகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு சர்வரில் சேமிக்கிறது. இவற்றிலிருந்து வரும் விழுக்காடு மேலாளரின் திரையில் உழைப்பின் அளவாகத் தோன்றுகிறது.

அது எதை அளக்கவில்லை என்பதைக் காண மெடிக்கல் கோடிங் வேலையை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைத் தேர்ந்து பதிவது அந்த வேலை. காட்பாடியில் ஒரு பெண் 14 பக்க அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் படிக்கிறார் என்று கொள்வோம். எந்த உறுப்பில், எந்த வழியாக, என்ன செய்தார்கள் என்று உறுதி செய்யாமல் குறியீடு இட முடியாது என்பதால், ஒன்பது நிமிடம் திரையைப் பார்த்தபடி கை அசையாமல் இருக்கிறார். மென்பொருளின் வரம்பு ஐந்து நிமிடம். இத்தகைய ஆறு குறிப்புகள் வந்த நாளில் 480 நிமிடத்தில் 54 நிமிடம் ஐடில் என்று விழுந்து, அவருடைய விழுக்காடு 89 ஆகிறது. அதே குழுவில் முந்தைய குறிப்பின் குறியீடுகளை அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போகும் மற்றொருவருக்கு 97 கிடைக்கிறது. வார இறுதியில் தணிக்கையாளர் இருவரிடமும் நூறு குறியீடுகளை எடுத்துச் சரிபார்த்தால், முதலாமவருக்கு 98 சரி, இரண்டாமவருக்கு 91. இத்துறையில் பரவலாகக் கேட்கப்படும் 95 விழுக்காட்டைத் தாண்டியவர் முதலாமவர் மட்டுமே. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தாலே மென்பொருளின் எண் வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். இதோடு, ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டிலும் நோயாளியின் பெயரும் நோயும் பதிந்து, யாருக்கும் தேவையற்ற இன்னொரு நகல் உருவாகிறது. பாதுகாப்புக்கு என்று சொல்லப்பட்ட கருவியே ரகசியத்துக்குக் கேடாகிறது.

பிரான்சின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் 2024 டிசம்பரில் தீர்த்த வழக்கும் இதையே தொடுகிறது. ஒரு நிலவணிக நிறுவனம் 3 முதல் 15 நிமிடம் வரை கணினி அசைவில்லாத நேரத்தைப் பதிந்து, பணியாளர் காரணம் காட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கவும் இடம் வைத்திருந்தது. கூட்டமும் தொலைபேசி உரையாடலும் கணினியைத் தொடாமல் நடக்கும் வேலைகள். ஆகவே அந்தப் பதிவு உழைத்த நேரத்தைக் காட்டாது என்று ஆணையம் கண்டது. வாய்மொழியாகச் சொன்னதும் போதிய அறிவிப்பு ஆகாது என்றது. அபராதம் 40,000 யூரோ. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023இல் ஒரு கணக்காளர், செய்யாத ஐம்பது மணி நேரத்துக்கு மேல் செய்ததாக எழுதினார் என்று மென்பொருள் பதிவை வைத்தே தீர்ப்பாகி, ஊதியத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மணிக்கணக்கில் ஊதியம் பேசிய இடத்தில் மணியைச் சரிபார்ப்பதில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் வேலையின் அளவைப் பேசி முடித்து, நம்பி விட்டுவிடுவது மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் வேலூர் மாவட்டமே சான்று. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களை எந்தக் கருவியும் பார்ப்பதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே ஒப்பந்தம். ஆனால் பீடிக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில், சரியில்லை என்று ஒரு பகுதியை ஒதுக்கும் அதிகாரம் வாங்குபவரிடம் இருக்கிறது. ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடைக்காவிட்டால் உழைப்பு முழுவதும் வீண். இதனால்தான் 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், இப்படி ஒதுக்குவது பற்றிய தகராறை வேறொரு அதிகாரி தீர்க்க வழி செய்தது. அதன் கீழ் வகுத்த விதிகளில், சாதாரணமாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. கோடிங் வேலைக்கும் இதே ஏற்பாடு தேவை. எளிய எக்ஸ்ரே அறிக்கைக்கும் 14 பக்க அறுவைக் குறிப்புக்கும் ஒரே நாள் எண்ணிக்கை வைத்தால், கருவி இல்லாமலே ஒருவரைப் பிழிந்துவிடலாம். எந்த வகைக் குறிப்புக்கு எவ்வளவு, எத்தனை விழுக்காடு சரியாக இருக்க வேண்டும், தவறு என்று சொல்லப்பட்டதை எத்தனை நாளுக்குள் யாரிடம் மறுக்கலாம் என்பவை எழுத்தில் இருந்தால்தான் அது இருவரும் ஒப்பிய அளவு.

இனிச் சொற்களுக்கு வருவோம். பணியாளருக்குத் தெரியாமல் இயங்கும் மென்பொருளைக் கண்காணிப்பு என்று எழுதுவது அதற்கு மதிப்புக் கொடுப்பதாகும். அதற்கு ‘வேவு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அறிவித்துவிட்டு ஆளின் அசைவை எண்ணுவது ‘ஆள் கண்காணிப்பு’. நோயாளியின் கோப்பினை யார், எப்போது திறந்தார் என்று பதிவது ‘கோப்புக் கண்காணிப்பு’. அது காக்கப்படும் பொருளைப் பார்க்கிறதே தவிர ஆளை அன்று, ஆகவே நோயாளியின் நலனுக்காக இருந்தே தீர வேண்டும். முடிந்த வேலையை ஒப்பிய அளவோடு வைத்துப் பார்ப்பதற்குச் ‘சரிபார்ப்பு’ போதும். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தேவைகளுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஒப்புதலின்றியே பணியாளரின் தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆகவே பணி ஆணையில் ‘மானிட்டரிங்’ என்று மட்டும் இருந்தால், கையெழுத்திடுமுன் இந்த நான்கில் எது என்று எழுதித் தரும்படி கேட்பது பணியாளரின் உரிமையாக இருக்க வேண்டும்.