ஷார்ட் செல்லிங்: இரவல் விற்பனை

கையில் இல்லாத பங்கை ஒருவரிடம் இரவல் வாங்கி விற்றுவிட்டு, விலை இறங்கியதும் அதே எண்ணிக்கையை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான் ஷார்ட் செல்லிங். இங்கே 'ஷார்ட்' என்பது குட்டையைக் குறிக்கவில்லை, பற்றாக்குறையைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சந்தைப் பேச்சிலேயே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதனால் 'குறுவிற்பனை' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. 'இரவல் விற்பனை' என்பேன், ஏனென்றால் இரவல் கிடைத்தால்தான் விற்க முடியும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

பங்குகளை வாங்கி விற்கும் தானியங்கி நிரல்கள் சறுக்குவதும் இங்கேதான். 'விற்கலாம்' என்ற சமிக்ஞைக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன: இருப்பதை விற்பது, இரவல் வாங்கி விற்பது. முதலாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கையில் 300 பங்கு இருக்கும்போது நிரல் 800 விற்கச் சொல்கிறது, தரகரிடம் இரவலுக்கு 200தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
held = max(pos, 0)
long_qty = min(qty, held)
short_qty = min(qty - long_qty, located)
```

pos என்பது கையிருப்பு, qty விற்கச் சொன்ன எண்ணிக்கை, located தரகரிடம் கிடைக்கும் இரவல். ஆக 300 ஒரு ஆர்டர், 200 தனி ஆர்டர். மீதி 300ஐ வரிசையில் காத்திருக்க விடாமல் கைவிட வேண்டும், இல்லையென்றால் சமிக்ஞை செத்துப்போன பிறகு அந்த ஆர்டர் நிறைவேறி வைக்கும்.

அந்த 200ஐயும் உடனே விற்றுவிடக் கூடாது. இரவல் கட்டணம் ஆண்டுக்கு 36% என்றால் பத்து நாளுக்குச் சுமார் 1% ஆகிறது, சமிக்ஞை எதிர்பார்க்கும் லாபமோ 0.8%தான் என்றால் short_qty பூஜ்யம், கையிருப்பை மட்டும் விற்றால் போதும்.

அப்புறம் விலைக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் ஒரு பங்கு முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து 10% விழுந்துவிட்டால், அன்று மீதி நேரமும் மறுநாளும் இரவல் விற்பனையைச் சந்தையின் மிக உயர்ந்த வாங்கும் விலைக்கு மேலே மட்டுமே செய்ய முடியும் (2010இல் வந்த விதி). சந்தை விலையில் தள்ளிவிடும் ஆர்டர் அங்கே செல்லாது. விலை குறித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், நிறைவேறாமலும் போகலாம். எதிர்ப்பக்கம் வேறொரு பங்கை வாங்கிச் சமன் செய்யும் உத்தி என்றால், விற்ற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

பங்கு கொடுத்தவர் திருப்பிக் கேட்டுவிட்டால், வேறு இரவல் கிடைக்காதபோது எந்தச் சமிக்ஞையும் இல்லாமலே திரும்ப வாங்க நேரும். அதைக் கண்டதும் 'இரவலில் விற்ற அளவு குறைந்துவிட்டது' என்று நிரல் உடனே மறுபடி விற்கப் போகக் கூடாது, புதிதாக இரவல் உறுதியான பிறகே விற்கலாம்.

பழைய விலைகளை வைத்துச் செய்யும் சோதனையிலும் இதே வரிகள் ஓட வேண்டும். சோதனையில் வந்த லாபம் இரவல் கிடைக்காத சில பங்குகளிலேயே குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். குவிந்திருந்தால் அது நிஜச் சந்தையில் கைக்கு வராத லாபம்.