மூலையில் அடைபட்ட 4

மும்பை செம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் மகள் ஒரு தாளை நீட்டினாள். "சித்தி, எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா பின்பக்க விடையோட ஒத்துப்போக மாட்டேங்குது." ஹிதோரி புதிர். பள்ளிக்குப் போகும் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போடுவாளாம்.

ஜப்பானின் நிகோலி புதிர் இதழ் 1990-இல் இதை அறிமுகப்படுத்தியது. முழுப் பெயர் 'ஹிதோரினி ஷிதே குரே', அதாவது 'என்னைத் தனியா விடு'. சுடோகுவில் காலிக் கட்டங்களை நிரப்புவோம். இங்கே எல்லாக் கட்டத்திலும் எண் இருக்கும்; வேண்டாததைக் கறுப்படிக்க வேண்டும். மிஞ்சும் வெள்ளைக் கட்டங்களில், ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ எந்த எண்ணும் இருமுறை வரக்கூடாது. இரண்டு கறுப்புகள் பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ ஒட்டக்கூடாது; மூலைக்கு மூலை தொட்டால் பரவாயில்லை. வெள்ளை எல்லாம் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

அவள் போட்ட புதிர் இது:

```
1 1 5 1 4
5 2 2 1 3
1 5 4 3 4
3 3 3 4 5
4 2 3 4 1
```

எங்கே தொடங்குவது? நான்காம் வரிசையைப் பாருங்கள். மூன்று 3 ஒட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றுதான் வெள்ளையாக மிஞ்ச முடியும், ஆக இரண்டு கறுப்பாகியே தீரும். நடு 3-ஐக் கறுப்படித்தால், ஒட்டக்கூடாது என்ற விதியால் இரு ஓரங்களும் வெள்ளையாகிவிடும். இரண்டு 3 மிஞ்சும். அது கூடாது. எனவே ஓரங்கள் இரண்டும் கறுப்பு, நடுவிலிருப்பது வெள்ளை. இதில் ஊகமே இல்லை.

இனி புதிர் தானாக நகரும். ஒரு கட்டம் கறுப்பானால் அதை ஒட்டிய கட்டங்கள் எல்லாம் வெள்ளை. ஒரு கட்டம் வெள்ளையானால் அதன் வரிசையிலும் நெடுவரிசையிலும் உள்ள அதே எண் கறுப்பு. இந்த இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். நான்காம் வரிசையின் முதல் 3 கறுப்பு என்பதால் அதற்கு மேலே உள்ள 1 வெள்ளை. அந்த 1 வெள்ளை என்பதால் அதே நெடுவரிசையின் உச்சியில் உள்ள 1 கறுப்பு. அதை ஒட்டிய 1 வெள்ளை. ஆகவே முதல் வரிசையின் மூன்றாவது 1-ம் கறுப்பு. கீழே நடந்தது மேல் வரிசை வரை வந்துவிட்டது.

நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டமும் இதே வேலையைச் செய்கிறது. அதற்கு மேலே உள்ள 4 வெள்ளை, எனவே அந்த வரிசைக் கடைசியில் உள்ள 4 கறுப்பு. கடைசி வரிசையின் முதல் கட்டத்து 4 தன் மேலே உள்ள கறுப்பால் வெள்ளையாகிறது. அது அதே வரிசையின் இன்னொரு 4-ஐக் கறுப்பாக்குகிறது.

இங்கே ஓட்டம் நின்றுவிடும். தீராமல் இருப்பவை மூன்று 2: இரண்டாம் வரிசையில் ஒட்டி நிற்கும் இரண்டும், கடைசி வரிசையில் ஒன்றும். அவள் தடுமாறியது இங்கேதான். இரண்டாம் வரிசையில் வலப்பக்கத்து 2-ஐ அடித்தாள். இடப்பக்கத்து 2 வெள்ளையாயிற்று; அதனால் அதே நெடுவரிசையின் கீழே உள்ள 2-ஐயும் அடித்தாள். எண் எதுவும் திரும்ப வரவில்லை, கறுப்பு எதுவும் ஒட்டவில்லை. சரிபார்த்தபோது இந்த இரண்டை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

இடது கீழ் மூலையில் உள்ள 4-இல் விரலை வைக்கச் சொன்னேன். "இங்கேருந்து வெள்ளையிலேயே நடந்து வெளியே வா பாப்போம்." மேலே போனால் கறுப்பு. வலப்பக்கம் போனாலும் கறுப்பு. "அட, மாட்டிக்கிச்சு!" என்றாள். மூலைக் கட்டத்துக்கு அண்டைக் கட்டங்கள் இரண்டுதான். ஒன்று ஏற்கெனவே கறுப்பாகிவிட்டால் மற்றது வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும். விளிம்பிலும் இதே ஆபத்து உண்டு: மூலைக்கு மூலை தொடும் கறுப்புகள் வரிசையாகச் சேர்ந்து ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்தைத் தொட்டுவிட்டால் வேலி போட்டதுபோல் வெள்ளை இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் விளிம்பு அருகே ஒவ்வொரு கறுப்பு அடித்ததும் நான் இதைப் பார்த்துவிடுவேன்.

ஆகக் கடைசி வரிசையின் 2 வெள்ளை. அதனால் இரண்டாம் வரிசையின் இடப்பக்கத்து 2 கறுப்பு, அதை ஒட்டிய 2 வெள்ளை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். # என்பது கறுப்பு:

```
# 1 5 # 4
5 # 2 1 3
1 5 4 3 #
# 3 # 4 5
4 2 3 # 1
```

மூலையில் விரலை வைத்து மறுபடி நடந்து பார்த்தாள். 4-இலிருந்து 2, அங்கிருந்து மேலே 3, அதற்கும் மேலே 5. வெளியே வந்துவிட்டாள்.