மாதக் கடைசியில் வாங்கி மூன்றாம் நாள் விற்றால் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் போனில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து காட்டினான். "மாமா, மாசத்தோட கடைசி வேலைநாள்ல நிஃப்டி வாங்கணும், அடுத்த மாசம் மூணாவது வேலைநாள்ல வித்துடணும். மத்த நாள்ல மார்க்கெட் பக்கமே போக வேண்டாம். அஞ்சு வருஷ டேட்டா, பாருங்க." காரணமும் கையோடு வைத்திருந்தான். முதல் தேதி சம்பளம் வருகிறது, உடனே மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் தானாகச் சேரும் எஸ்ஐபி பணம் போகிறது, ஃபண்டுகள் வாங்குகின்றன, விலை ஏறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. லக்கோனிஷோக், ஸ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-லேயே இதைச் செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் 1897 முதல் 1986 வரை 90 வருடத்தை எடுத்து, அவன் சொன்ன அதே நான்கு நாட்களை, அதாவது கடைசி வேலைநாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்றும், தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நான்கு நாளில் சராசரி ஏற்றம் 0.473%. எல்லா நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நாளுக்குச் சராசரி 0.061% தான். இன்னொரு வேடிக்கை, மாதம் முழுவதுக்குமான சராசரி ஏற்றமே சுமார் 0.35%. அப்படியென்றால் மிச்ச நாட்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் இறங்கியிருக்கின்றன.

ஏன் இப்படி நடக்கும்? எல்லோரும் சொல்வது உள்ளே வரும் பணம், அதாவது சம்பளம், பென்ஷன் ஃபண்டுக்குப் பிடித்தம் செய்த தொகை இந்த மாதிரி. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது வெளியே போகும் பணம். பென்ஷன் ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மாதக் கடைசியில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கும். இன்றைக்குப் பங்கை விற்றால் பணம் இன்றைக்கே கைக்கு வராது. அமெரிக்காவில் 1995 முதல் 2017 வரை, விற்ற நாள் கழித்து மூன்று வேலைநாள் ஆகும். ஆக, 31-ஆம் தேதி கையில் காசு வேண்டும் என்றால் மூன்று நான்கு வேலைநாள் முன்னாடியே விற்றாக வேண்டும். அந்த விற்பனை விலையைக் கொஞ்சம் அழுத்தும், அழுத்தம் தீர்ந்ததும் விலை திரும்ப எழும். மாத முதலில் நாம் பார்க்கும் ஏற்றத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்ப எழுவதுதான் என்று 2020-இல் வந்த ஒரு ஆய்வு காட்டுகிறது.

இந்த விளக்கம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், இதைச் சோதித்துப் பார்க்கலாம். பணம் கைக்கு வரும் நாட்கள் குறைந்தால் விற்க வேண்டிய நாளும் கடைசியை நோக்கி நகர வேண்டும். அமெரிக்கா 2017-இல் இரண்டு நாளுக்கும் 2024 மே மாதம் ஒரே நாளுக்கும் வந்தது, இந்தியா 2023 ஜனவரியிலேயே முழுதாக ஒரு நாளுக்கு வந்துவிட்டது. விதியோடு சேர்ந்து அழுத்தமும் நகர்ந்தால் அதன் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நம்பலாம். விதி மாறியும் அதே தேதியிலேயே நிற்கிறது என்றால் தற்செயலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, அக்கா மகனின் எஸ்ஐபி கதைக்கு வருவோம். நாடு முழுக்க எஸ்ஐபியில் வரும் தொகை 2024 அக்டோபரில் மாதம் 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பெரிய தொகைதான், ஆனால் அது ஒரே நாளில் வருவதில்லை. சிலர் 1, சிலர் 5, சிலர் 7, 10, 15 என்று தேதி வைத்திருக்கிறார்கள், அந்தத் தேதி ஞாயிறாக இருந்தால் பாங்க் டெபிட் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும். பேச்சுக்கு, பாதிக்கும் மேல், 14,000 கோடி, முதல் பத்து நாளில் வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு வேலைநாளுக்கு நாளொன்றுக்கு 2,000 கோடி. என்எஸ்இ-யில் பங்குகள் மட்டும் ஒரு நாளைக்குக் கைமாறுவது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. நூற்றுக்கு இரண்டு. அதையும் ஃபண்ட் மேனேஜர் வந்த அன்றே வாங்கித் தீர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதைவிட முக்கியம், இது ரகசியம் இல்லை. அடுத்த மாதமும் பணம் வரும் என்று மும்பையின் நிதி வட்டாரமான பிகேசியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு டீலருக்கும் தெரியும். தெரிந்த பணத்துக்கு முன்னாலேயே விலை வந்து நின்றுவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று மும்பைக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். எனக்கு ஆபீஸ் தாதரில், வீடு டோம்பிவிலியில். சாயங்காலம் தாதரில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிது. ஒருநாள் யாரோ ஒரு புத்திசாலி எதிர்ப்பக்கம் சிஎஸ்எம்டி போகும் லோக்கலில் ஏறி, சீட்டைப் பிடித்து, அதே வண்டியில் திரும்பி உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போயிருக்கிறார். அதைப் பார்த்து பத்துப் பேர், பிறகு நூறு பேர், அப்புறம் தாதரில் எதிர்ப்பக்க வண்டியில் ஏறினாலும் சீட் காலி இல்லை, ஏனென்றால் அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது சீட் வேண்டுமானால் இன்னும் முன்னால் போக வேண்டும், இன்னும் நேரம் செலவழிக்க வேண்டும். எப்போது நிற்கும் இது? கூடுதலாகச் செலவாகும் நேரமும் சீட்டின் சுகமும் சரிக்குச் சரியாகும் இடத்தில் நிற்கும். நான் இப்போதெல்லாம் நின்றுகொண்டே போகிறேன்.

சந்தையிலும் இதேதான். முதல் தேதி ஏறும் என்று தெரிந்தால் 31-ஆம் தேதி வாங்குவார்கள், அதனால் ஏற்றம் 31-க்கு வரும், அதைப் பார்த்தவன் 30-இல் வாங்குவான். ஏற்றம் முன்னாடி நகர நகரப் பல நாட்களில் கரைந்து, கடைசியில் வாங்கி விற்கும் செலவைவிடச் சின்னதாகிவிடும். அந்த அளவுக்கு மேல் அதைத் துரத்த யாருக்கும் லாபம் இல்லை, அதனால் அந்த மிச்சம் மட்டும் அப்படியே கிடக்கும். பழைய டேட்டாவில் எட்டிப் பார்ப்பவனுக்கு அது இன்னமும் கண்ணில் படும், கையில்தான் சிக்காது.

அந்த மிச்சம் எவ்வளவு என்று அக்கா மகனோடு ஒரு டிஷ்யூ பேப்பரில் போட்டுப் பார்த்தோம். நான்கு நாளில் சராசரி 0.4% கிடைக்கிறது என்று வை என்றேன். 5 லட்சத்துக்கு 2,000 ரூபாய். ஆனால் நிஃப்டி வருடத்துக்கு 12% ஏறுகிறது என்று வைத்தால், 250 வேலைநாளில் சும்மா இருந்தாலே ஒரு நாளுக்குச் சராசரி 0.05% வரும், நான்கு நாளுக்கு 0.2%. அது ஒன்றுமே செய்யாமல் வைத்திருக்கும் உன் அப்பாவுக்கும் கிடைக்கும். உன் சாமர்த்தியத்துக்குக் கூலி மிச்சம் 0.2%, அதாவது 1,000 ரூபாய்.

இப்போது செலவு. நிஃப்டியில் உள்ள பங்குகளையே வாங்கி விற்றால் பங்குப் பரிவர்த்தனைக்கான எஸ்டிடி வரி வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%, மொத்தம் 1,000 ரூபாய். கணக்கு அங்கேயே முடிந்தது. நிஃப்டி முழுவதையும் ஒரே பங்கு போல வாங்க உதவும் இடிஎஃப் என்றால் எஸ்டிடி விற்கும்போது மட்டும் 0.001%, ஐந்து ரூபாய், பரவாயில்லை. ஆனால் முத்திரைத் தீர்வை 0.015%, 75 ரூபாய். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் 0.05% போனால் 250. அதற்கு மேல், கிடைத்த லாபம் முழுவதுக்கும், அப்பாவுக்கும் கிடைத்திருக்கும் அந்த 0.2% உட்பட, குறுகிய கால வரி 20%, ஏறக்குறைய 335. கூட்டினால் 665. ஆயிரத்தில் மிஞ்சுவது 335 ரூபாய், அதுவும் செஸ், புரோக்கர் கட்டணம் எல்லாம் போடாமல்.

"அப்போ மாசம் 335 வருதுல்ல?" என்றான். வந்தால் சரி. வருகிறதா என்று எப்படித் தெரியும்? நிஃப்டி ஒரு நாளில் 1% மேலேயோ கீழேயோ ஆடுவது சாதாரணம். நான்கு நாளுக்கு ஆட்டம் நான்கு மடங்கு ஆகாது, வர்க்கமூலக் கணக்கில் இரண்டு மடங்கு, 2%. 60 மாதத்தின் சராசரியை எடுத்தால் அந்தச் சராசரியே 2 ÷ √60, அதாவது 0.26% அளவுக்கு இப்படியும் அப்படியும் தற்செயலாக ஆடும். நீ தேடுவதோ 0.2%. அலையின் உயரத்தைவிடச் சின்ன மீனைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி. ஆட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தெரிந்தால்தான் நம்புவேன் என்றால் 400 மாதம் வேண்டும், 33 வருடம். அந்த ஆய்வாளர்கள் 90 வருடத்தைத் தேடிப் போனது சும்மா இல்லை.

அதோடு நான் அவனிடம் கேட்ட ஒரு கேள்விக்குக் கொஞ்சம் நெளிந்தான். எத்தனை தேதிகளை முயன்று பார்த்து இந்த நான்கு நாளுக்கு வந்தாய்? கடைசி இரண்டு நாள், முதல் ஐந்து நாள், டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் முடியும் எக்ஸ்பைரிக்கு மறுநாள் என்று ஒரு முப்பது விதம் போட்டுப் பார்த்திருக்கிறான். எதிலும் ஒன்றுமே இல்லாவிட்டால்கூட இருபதில் ஒன்று தற்செயலாகப் பளிச்சென்று தெரியும். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் அது 'மங்கிப்போகும்'. உண்மையில் மங்குவதற்கு அங்கே ஒன்றும் இருந்ததே இல்லை.

இந்த இரண்டு விதமான மங்கலையும் பிரித்துப் பார்த்தவர்கள் மெக்லீன், பாண்டிஃப். 2016-இல் வந்த ஆய்வு. பங்கு விலையை முன்கூட்டிச் சொல்லும் என்று ஆய்விதழ்களில் வந்த 97 அடையாளங்களை எடுத்தார்கள், இவை தேதி சம்பந்தப்பட்டவை மட்டும் இல்லை. ஆய்வு செய்த காலத்துக்குப் பிறகு, ஆனால் இதழில் வெளிவருவதற்கு முன், லாபம் 26% குறைந்திருந்தது. இன்னும் யாரும் படிக்கவில்லை, ஆகவே அதிகபட்சம் இவ்வளவுதான் அந்தத் தற்செயலின் பங்கு. வெளிவந்த பிறகு மொத்தக் குறைவு 58%. நடுவில் உள்ள 32 புள்ளி, படித்தவர்கள் பணம் போட்டுத் தின்றது.

ஜனவரியில் சின்ன கம்பெனிப் பங்குகள் ஏறும் என்பதுதான் இப்படித் தின்னப்பட்டதில் பிரபலமானது. அமெரிக்காவில் வரி வருடம் டிசம்பரில் முடிகிறது, நஷ்டத்தைக் கணக்கில் காட்ட விழுந்த பங்குகளை அப்போது விற்பார்கள், ஜனவரியில் அவை நிமிரும். 1983-இல் கைம் என்பவர் இதைத் துல்லியமாகக் காட்டினார், அந்த ஜனவரி ஏற்றத்தில் பாதிக்கும் மேல் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது என்று. அதற்குப் பிறகு டிசம்பரிலேயே வாங்கிப் போட ஆரம்பித்தார்கள், ஏற்றமும் இளைத்துவிட்டது. மாதக் கடைசி விஷயம் அதைவிடக் கெட்டி, 2005 வரையிலான டேட்டாவிலும் அது தெரிந்தது. எனக்குத் தோன்றும் காரணம், பென்ஷன் கொடுக்க வேண்டியவன் தேதியைத் தள்ளிப்போட முடியாது, விலை பிடிக்காவிட்டாலும் விற்றுத்தான் ஆக வேண்டும். அவனுக்கு எதிர்ப்பக்கம் நின்று வாங்குபவன் நாலு நாள் விலை இறங்கும் அபாயத்தைத் தாங்குகிறான், அதற்கு ஏதோ கூலி கிடைக்கத்தான் செய்யும். அந்தக் கூலி குறைந்த செலவில் வியாபாரம் செய்கிறவனுக்குப் போகும், டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போடுகிற எங்களுக்கு இல்லை.

காபி ஆறிப்போயிருந்தது. "சரி மாமா, எஸ்ஐபிக்காவது எந்தத் தேதி வைக்கிறது?" என்றான். அவனுக்குச் சம்பளம் மாதக் கடைசி நாளில் வரும், எஸ்ஐபி 25-ஆம் தேதி. போன மாதம் அக்கவுண்டில் காசு இல்லாமல் மேன்டேட் பவுன்ஸ் ஆகி, பாங்க் சில நூறு ரூபாய் பிடித்திருந்தது. 10,000 ரூபாய் எஸ்ஐபியில் 0.2% என்றால் இருபது ரூபாய். மூன்றாம் தேதிக்கு மாற்றச் சொன்னேன், அங்கேயே உட்கார்ந்து மாற்றினான்.