படித்துறைப் படமும் ஆங்கில பிராம்ப்டும்: சொன்ன விவரம் எங்கே தொலைகிறது?

திருவையாற்றில் இருக்கும் பெரியம்மா வீட்டில் ஒரு பழைய போட்டோ ஈரம் பட்டுக் கெட்டுப்போய்விட்டது. அதே மாதிரி ஒரு படத்தைக் கணினியை வைத்து வரைந்து தர முடியுமா என்று கேட்டார். படத்தில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, அவர் போனில் சொன்னது இது:

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு எடுத்தது. கருங்கல் படித்துறையில, கடைசிப் படிக்கு ரெண்டு படி மேல உட்கார்ந்து, அரக்குப் புடவை கட்டினவங்க பேத்தி கையில மஞ்சக் கயிறு கட்டுறாங்க. பேத்திக்குக் கிளிப்பச்சைப் பட்டுப் பாவாடை. பக்கத்துல வாழை இலையில காப்பரிசி, அகல்விளக்கு எரியுது. பின்னாடி புதுவெள்ளம் ரெண்டு கரையும் தொட்டுப் போகுது. இடது பக்கம் ஒரு பொடியன் சப்பரம் இழுத்துக்கிட்டுப் போறான். வெயில் இல்ல. யாரும் கேமராவைப் பாக்கல."

படம் வரையும் மென்பொருள்களில் பலவற்றுக்கும் ஆங்கிலத்தில்தான் பிராம்ப்ட், அதாவது என்ன வரைய வேண்டும் என்ற குறிப்பு, கொடுக்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ளதை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வருவதை ஒட்டிவிடலாம். அப்படிச் செய்தால் படித்துறை வரும், புடவை வரும், வேறு நிறைய விஷயம் போய்விடும். ஏன் போகிறது என்று தெரிய வேண்டுமானால், எழுதிய வாக்கியத்தை அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மென்பொருள் 2022-ல் வெளியானது. அதன் முதல் பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். அதில் வாக்கியத்தைப் படிக்கும் பகுதிக்கு க்ளிப் என்று பெயர். ஓபன்ஏஐ நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. இணையத்தில் கிடைத்த சுமார் 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த ஆங்கில வரிகளையும் பார்த்துப் பழகியது அது. வாக்கியத்தை முதலில் டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக உடைக்கும். ஒரு நேரத்தில் 77 துண்டுதான் அதற்குள் போகும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆளுக்கொன்று போக, நமக்கு மிச்சம் 75. சாதாரண ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டு; காற்புள்ளியும் ஒரு துண்டு. தமிழ் எழுத்தோ யூனிகோடின் UTF-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் சேமிக்கப்படுகிறது. 'படித்துறை' என்ற ஒரு சொல்லே ஒன்பது குறியீடு, 27 பைட். ஆங்கிலத்துக்காகத் தைத்த அந்த உடைப்பு முறையில் அது சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறிவிடும். சிதறின துண்டுகளுக்குப் படங்களோடு பழக்கமும் கிடையாது. அதனால் தமிழிலேயே எழுதினால் இடமும் போகும், அர்த்தமும் போகும்.

புதிய மென்பொருள்கள் பலவற்றில் இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது. சிலவற்றில் நாம் தமிழில் எழுதினாலும் உள்ளே இருக்கும் லாங்குவேஜ் மாடல் ஒன்று அதை ஆங்கிலத்தில் விரித்து எழுதிவிட்டுத்தான் வரையக் கொடுக்கிறது. வசதிதான். ஆனால் விரித்து எழுதும்போது நாம் சொல்லாத பூமாலையும் பொன்னிற வெயிலும் அதில் சேர்ந்துவிடும். அதனால் நாமே எழுதுவதுதான் எனக்குச் சரி.

பெரியம்மா சொன்னதில் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது என்று முதலில் பிரித்துவிட வேண்டும். பேத்தி என்ற உறவு படத்தில் தெரியாது. பாட்டி வயதும் சின்னப் பெண்ணும்தான் தெரியும். ஆடிப்பெருக்கு என்பதும் தெரியாது. அந்தப் பேரைப் பிராம்ப்டில் போட்டால் பெரும்பாலும் பொதுவாக ஏதோ ஓர் இந்தியத் திருவிழாக் கூட்டம் வந்து நிற்கும். ஆடிப்பெருக்கைக் காட்டுவது நிறைந்த ஆறும், மஞ்சள் கயிறும், இலையில் படைத்த காப்பரிசியும்தான். அவற்றைச் சொல்லிவிட்டால் திருவிழாவின் பேரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'கட்டினவங்க' என்பதில் ஆணா பெண்ணா, வயது என்ன என்று எதுவும் இல்லை. நமக்குப் புடவையும் பேத்தியும் சொல்லிவிடுகின்றன, ஆங்கிலத்தில் அதை எழுதித்தான் தீர வேண்டும். 'கையில' என்றால் உள்ளங்கையா மணிக்கட்டா? 'இடது பக்கம்' யாருக்கு இடது, பார்க்கிற நமக்கா, உட்கார்ந்திருப்பவருக்கா? இந்த இரண்டையும் திரும்பக் கேட்டேன். மணிக்கட்டு, பார்க்கிற நமக்கு இடது என்றார்.

அப்புறம் புதுவெள்ளம். மேட்டூரில் திறந்த தண்ணீர் டெல்டாவுக்கு வந்து ஆறு நிறைந்து போவது நமக்குச் சந்தோஷமான காட்சி. செயலி அதை `flood` என்று கொடுக்கும். அந்தச் சொல்லோடு இணையத்தில் இருக்கிற படங்கள் எல்லாம் மூழ்கிய வீடு, மிதக்கும் கார், மீட்புப் படகு. மென்பொருள் அகராதி பார்ப்பதில்லை. அந்தச் சொல் எந்தப் படங்களோடு வந்ததோ அந்தப் படங்களின் பக்கம்தான் போகும். அதனால் சொல்லை விட்டுவிட்டுக் கண்ணில் தெரிவதை எழுத வேண்டும்: பழுப்பு நிறம், கரைவரை நிறைந்த ஆறு. காப்பரிசிக்கும் இதே கதிதான். வெல்லம், தேங்காய் எல்லாம் எழுத இடமில்லை; இலையில் அரிசி என்றால் தூரத்தில் இருந்து பார்க்கப் போதும். பாவாடையை வெறும் `skirt` என்று விட்டால் முழங்காலோடு நின்றுவிடும், `long` வேண்டும். சப்பரத்துக்கு `chariot` மட்டும் போட்டால் குதிரை வந்து நிற்க வாய்ப்பு அதிகம். `toy wooden` என்று முன்னால் சேர்க்க வேண்டும்.

இனி, இல்லை என்று சொன்னவை. வெயில் இல்லை, யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. இதை இப்படி எழுதினால் என்ன ஆகும்?

```
no sun, nobody looking at the camera
```

பெரும்பாலும் வெயிலும் வரும், எல்லோரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார்கள். படத்தோடு வரும் வரிகள் இருப்பதைச் சொல்லும், இல்லாததை அபூர்வமாகத்தான் சொல்லும். அதனால் `no` என்ற துண்டுக்குப் பலம் குறைவு, `sun`-க்குப் பலம் அதிகம். வெயில் இல்லை என்பதை மேகமூட்டம் என்றும், கேமராவைப் பார்க்கவில்லை என்பதைத் தெரியாமல் எடுத்த படம் என்றும் நேர்மறையாக மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நெகட்டிவ் பிராம்ப்ட் என்று தனிப் பெட்டி இருக்கும் மென்பொருள்களில் வேண்டாததை அங்கே போடலாம். அங்கே `no` போடக் கூடாது, வெறுமனே `sunlight` என்றால் போதும். இந்த மென்பொருள் வெறும் புள்ளிக்கூட்டத்தில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிப் படத்தைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு கணிப்பு செய்யும்: ஒன்று நம் பிராம்ப்டுக்கு, இன்னொன்று அந்தப் பெட்டியில் இருப்பதற்கு. பிறகு இரண்டாவதை விட்டு விலகி முதலாவதை நோக்கி நகரும். பெட்டியில் போட்ட சொல் வேலை செய்வது அதனால்தான்.

நிறங்கள்தான் அதிகம் தொல்லை கொடுப்பவை. இங்கே மூன்று இருக்கின்றன: அரக்கு, மஞ்சள், பச்சை. எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்ற பிடிப்பு க்ளிப்புக்குத் தளர்வாகத்தான் இருக்கும். பச்சை புடவைக்கு ஏறும், மஞ்சள் பாவாடைக்கு வழியும். தமிழில் ஒரே வாக்கியத்தில் எச்சங்களை அடுக்கிக் கடைசியில் வினையை வைத்தாலும், யார் எதைக் கட்டினார் என்பது வேற்றுமை உருபால் தெளிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபுகள் இல்லை, சொல் நிற்கும் இடம்தான் எல்லாம். அதனால் அடுக்கை உடைத்து, ஆளுக்கொரு வாக்கியமாக்கி, நிறத்தைப் பொருளின் பக்கத்திலேயே ஒட்டவைக்க வேண்டும். அப்படி எழுதியது இது:

```
Candid photo, overcast. On stone river steps in Tamil Nadu,
an old woman in a maroon sari ties a yellow thread on a
small girl's wrist. The girl wears a long green silk skirt.
Beside them, rice on a banana leaf, a lit oil lamp.
Behind, a brimming brown river. At left, a boy pulls a toy
wooden chariot.
```

சொல்லும் நிறுத்தற்குறியுமாக எண்ணினால் எழுபதைச் சற்றுத் தாண்டும், 75-க்குள் அடங்கும். இதற்கு முன் எழுதிய வடிவத்தில் டெல்டாவின் பெயர், புடவையின் துணி, சிறுமியின் சட்டை நிறம் எல்லாம் சேர்த்திருந்தேன். துணியும் சட்டையும் பெரியம்மா சொன்னதே இல்லை. அவை தின்ற இடத்தால் ஆறும் சப்பரப் பொடியனும் 75-க்கு வெளியே போய்விட்டார்கள். வெளியே போனதைச் சில மென்பொருள்கள் எச்சரிக்கைகூட இல்லாமல் வெட்டிவிடும்; சில, 75 - 75 ஆகப் பிரித்துப் படிக்கும். வரிசையில் கடைசியாகச் சொன்ன ஆள் எத்தனை முறை வரைந்தாலும் வரவில்லை என்றால், முதலில் நீளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி, தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று தமிழில் சொல்லச் சொல்வது. என் தம்பி சரியாகத்தான் சொன்னான், ஒன்றைத் தவிர: 'பேத்தி' அவன் வாயில் வரவில்லை. அது வராது என்று நாமே விட்டதுதானே. அரக்கு அவனுக்கு மெரூனாகிவிட்டது. அந்தப் பழுப்புக் கலந்த சிவப்புக்கு இதைவிடக் கிட்டே போகும் பழக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

படம் வந்த பிறகு தப்பு பிராம்ப்டில் இருக்கிறதா, தற்செயலா என்பது இன்னொரு கேள்வி. தொடக்கப் புள்ளிக்கூட்டத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு சீட் என்று பெயர். அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பிராம்ப்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். `toy wooden` சேர்த்ததும் குதிரை மறைந்தால் சொல்லின் வேலைதான். சீட் ஒவ்வொரு தடவையும் மாறினால் எதனால் எது மாறியது என்று சொல்லவே முடியாது. பாவாடையின் பச்சை ஒரு சீட்டில் மட்டும் புடவைக்கு ஏறினால் விட்டுவிடலாம். நாலைந்து சீட்டிலும் ஏறினால் வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும்.

'கடைசிப் படிக்கு ரெண்டு படி மேல' என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். எண்ணிக்கையும் துல்லியமான இடமும் இந்த வகை மென்பொருளுக்குக் கைவராத விஷயம். எழுதினாலும் இடத்தைத்தான் அடைக்கும். நிறையப் படங்கள் எடுத்து அதில் படி சரியாக விழுந்ததைப் பொறுக்கலாம், இல்லையென்றால் நல்ல படம் ஒன்றில் கீழ்ப் படிகளை மட்டும் மறைத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் புதிதாக வரையச் சொல்லலாம். கயிறு கட்டும் விரல்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆறாவது விரல் முளைத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.