"கல்லைப் போட்டுப் பார்த்தாச்சு, 92 அடி"

மோட்டார் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வந்ததிலிருந்து கிணற்றடியில் நிற்கிற ஆள் எல்லோரும் அளவையாளர் ஆகிவிட்டார். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை ஆகிற நேரத்தை வைத்து ஆழம் சொல்கிற கணக்கு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

கல் தண்ணீரைத் தொட்டதும்தான் "தொபுக்" சத்தம் வருகிறது. அதற்குக் கீழே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அந்தச் சத்தம் சொல்லாது. 10 அடி நின்றாலும் 60 அடி நின்றாலும் நேரம் ஒன்றேதான். ஆகவே கிடைப்பது மேலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரம். கிணற்றின் ஆழம் வேறு, நீர்மட்டம் வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் "92 அடிக் கிணறு" என்றே பேசுகிறார்கள், 92 அடிக்குக் குழாயும் வாங்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் போட்ட கல்லை வைத்துச் சித்திரையில் மோட்டார் தேர்ந்தெடுப்பது இதைவிடப் பெரிய தப்பு. அதற்குள் மட்டம் எங்கேயோ இறங்கியிருக்கும்.

அடுத்த தப்பு, நேரத்தை நேராகப் பெருக்குவது. ஒரு வினாடிக்கு 16 அடி என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மூன்று வினாடிக்கு 48 அடி என்று எழுதிவிடுகிறார்கள். கல் போகப் போக வேகம் கூடும். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். கணக்கு இதுதான்:

```
அடி = 16 × நேரம் × நேரம்
```

மூன்று வினாடிக்கு 144 வரும். அதுவும் சத்தம் மேலே ஏறிவரும் நேரத்தைக் கழிக்காதவரை. கழித்தால் ஏறத்தாழ 133 தான்.

ஸ்டாப்வாட்ச் 2.4 வினாடி காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 2.4 × 2.4 × 16 என்றால் 92 அடி. நம் ஊர் வெயிலில் சத்தம் வினாடிக்குச் சுமார் 1,150 அடி போகும். 92-ஐ 1,150-ஆல் வகுத்தால் 0.08 வினாடி. கல் விழுந்த நேரம் அப்படியானால் 2.32 வினாடி. அதை வைத்துத் திரும்பப் போட்டால் 86 அடி. 86-ஐ வைத்து இன்னொரு முறை திருத்தினால் 86½-க்கு வந்து நிற்கும், அதற்கு மேல் நகராது. இரண்டு சுற்று போதும். காற்றும் கல்லைக் கொஞ்சம் பிடிக்கும். எலுமிச்சம்பழ அளவு கல்லுக்கு இந்த ஆழத்தில் இன்னும் இரண்டு, மூன்று அடி குறைத்துக்கொள்ளலாம். ஆக, 92 என்று சொன்னது உண்மையில் 84-க்குப் பக்கம்.

இத்தனையும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் பெருவிரல் ஒன்று இருக்கிறது. அந்த ஆழத்தில் கல் விழும் வேகத்தில் 0.1 வினாடி என்பது 7 அடி. சத்தம் காதில் விழுந்து விரல் அழுத்துவதற்குள் 0.1, 0.2 வினாடி எளிதாகப் போய்விடும். ஒருவர் "போட்டேன்" என்று கத்த, இன்னொருவர் அழுத்துவது இன்னும் மோசம். இரண்டு பேருடைய தாமதமும் அதில் கலந்துவிடும். ஒலிக்கான திருத்தத்தைத் தசமப்புள்ளி வரை போட்டுவிட்டு விரலைக் கணக்கில் எடுக்காமல் விடுவது, அரிசியைக் கழுவிவிட்டு அழுக்குப் பானையில் உலை வைப்பது மாதிரி.

சரியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. கல்லைப் பிடித்திருக்கும் கையை இன்னொருவர் தள்ளி நின்று செல்போனில் வீடியோ எடுக்கட்டும். விரல் பிரிகிற படமும் விழுகிற சத்தமும் ஒரே வீடியோவில் இருக்கும். வீடு வந்து நிதானமாக ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணலாம். வினாடிக்கு 30 பிரேம் என்றால், ஒரு பிரேம் தப்பினால் இரண்டேகால் அடிதான் வித்தியாசம். மூன்று முறை போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் நம்பாதீர்கள்.

கல்லை எறியக்கூடாது, விட வேண்டும். கொஞ்சம் கீழ்நோக்கித் தள்ளிவிட்டாலும் நேரம் குறைந்து, தண்ணீர் மேலே இருப்பதுபோலக் காட்டும். கிணற்று நடுவில், படிக்கட்டுக்கும் குழாய்க்கும் தள்ளி விடுங்கள். "தொபுக்" வருமுன் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் கல் சுவரில் பட்டிருக்கிறது, அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள். முதல் சத்தத்தையே எடுங்கள், பின்னால் வருவது எதிரொலி. கைப்பிடிச் சுவர் மட்டத்திலிருந்து விட்டால் சுவரின் உயரத்தைக் கடைசியில் கழிக்க வேண்டும், இதை மறக்காதவர் அபூர்வம்.

போர்வெல்லில் தயவுசெய்து கல்லைப் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கல் கேசிங்கிலும் கேபிளிலும் உரசி உரசித்தான் இறங்கும், அந்த நேரத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. மோட்டாருக்கும் துளைச் சுவருக்கும் நடுவே அது போய்ச் சிக்கினால் மோட்டார் மேலே வராது. அப்புறம் மோட்டாரோடு போரையும் மறந்துவிட வேண்டியதுதான். போர்வெல்லுக்கு, தண்ணீர் தொட்டால் விளக்கு எரிகிற அல்லது பீப் அடிக்கிற மின்சார டேப் இருக்கிறது, அதை இறக்குங்கள்.

தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ உள்ளே ஆள் இறங்கியிருக்கும்போது மேலிருந்து ஒரு கூழாங்கல்கூட விழக்கூடாது. 80 அடியிலிருந்து விழுகிற எலுமிச்சை அளவுக் கல், மண்டையைப் பிளக்கும். விரிசல் விட்ட கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செல்போனை நீட்டுகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

மோட்டார் வாங்கத்தான் அளக்கிறீர்கள் என்றால் கயிற்றைத் தேடுங்கள். நைலான் கயிறு இழுபடும், அதனால் இழுபடாத கயிறாகப் பார்த்து 10 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கனமான இரும்புத் துண்டைக் கட்டி இறக்குங்கள். நனைந்த இடம் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று காட்டும். கயிறு தளர்கிற இடம் தரை. மேலே சொன்ன கிணற்றில் தரை 106 அடியில் தட்டுகிறது என்றால், 84-ஐக் கழித்தால் நிற்கிற தண்ணீர் 22 அடி. கல்லால் இந்த 22-ஐ எக்காலத்திலும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 84-ல் இருந்த மட்டம் 96-க்கு இறங்கினால், கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய எண் 96. அதன்மேல் தொட்டி உயரத்தையும் குழாய் உராய்வையும் சேர்ப்பது அவர் வேலை. பம்பைக் கிணற்றுக்குள் எங்கே வைப்பது என்பதும் இந்த எண்ணை வைத்துத்தான். உறிஞ்சும் மோனோபிளாக் பம்ப் நடைமுறையில் தண்ணீரிலிருந்து 20, 25 அடிக்கு மேல் இழுக்காது. வளிமண்டல அழுத்தம் கொடுக்கிற உச்ச வரம்பே 34 அடிதான். கல் சொன்ன 84-ஐ நம்பி 62 அடியில் மேடை கட்டினால், இரண்டு மணி நேரத்தில் பம்புக்கும் தண்ணீருக்கும் 34 அடி இடைவெளி ஆகிவிடும். பம்புக்குத் தண்ணீர் ஏறாது.