பந்தி முடிந்தும் லட்டுக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். உடல் எடையைக் குறைக்க முயல்கிறாராம். பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, இரவு வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்ததும் ஏதாவது இனிப்பைத் தேடுகிறாராம். "இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். மைசூர்பாகு என்றால் கை நீள்கிறது. எனக்கு மன உறுதி இல்லையா?"

மன உறுதிக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை குறைவதால்தான் இந்த ஆசை வருகிறது என்று சிலர் சொல்வதும் பொருந்தாது. அந்த நேரத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு பாதி விளக்கம் பழையது. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்டால் அந்தச் சுவை மட்டும் சலிக்கிறது. வேறு சுவைக்கான விருப்பம் அப்படியே இருக்கிறது. 1980களில் பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் ஆகியோர் இதை மனிதர்களிடம் விரிவாகச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் மாற்றுச் சுவை என்றால் பாகற்காய்ப் பொரியலும் மாற்றுதானே? ஏன் இனிப்பையே நாடுகிறோம்?

இதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வளர்சிதைமாற்ற ஆய்வு நிறுவனத்தில், ஹென்னிங் ஃபென்சலாவ் குழுவினர் 2025இல் ஒரு விடை தந்தார்கள். படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் 'போதும்' என்று சொல்லும் நரம்பணுக்கள் இருக்கின்றன. பி.ஓ.எம்.சி. என்ற நீண்ட புரதத்தை இவை தயாரிப்பதால் அவற்றுக்கும் அதே பெயர். இந்தப் புரதம் அப்படியே பயன்படுவதில்லை. துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு பசியை அடக்கும் ஹார்மோன். இன்னொரு துண்டு பீட்டா எண்டார்ஃபின், அதாவது உடலே தயாரிக்கும் ஓபியம் போன்ற பொருள். வயிறு நிறைந்து இந்த அணுக்கள் விழித்துக்கொண்டதும் ஒரு பக்கம் 'போதும்' என்ற செய்தி போகிறது. அதே அணுக்களின் இழைகள் தலாமஸின் ஒரு பகுதியில் எண்டார்ஃபினைச் சுரந்து, அங்குள்ள நரம்பணுக்களை அமைதியாக்குகின்றன. அப்போது சர்க்கரைக்கான ஆசை திறந்துகொள்கிறது. சோற்றுக்குக் கதவை மூடும் கையேதான் இனிப்புக்குக் கதவைத் திறக்கிறது!

இந்தப் பாதையைத் தடுத்தபோது, வயிறு நிறைந்த எலிகள் சர்க்கரையைத் தேடுவதை நிறுத்தின. பசியோடிருந்த எலிகளிடமோ மாற்றமே இல்லை. பசியில் உண்ணும் இனிப்புக்கும் நிறைவில் உண்ணும் இனிப்புக்கும் மூளையில் வழி வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. மனிதர்களுக்குக் குழாய் வழியே சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஸ்கேன் எடுத்தபோதும் மூளையின் அதே பகுதி எதிர்வினை காட்டியது. ஆனால் பாதையையே தடுத்துப் பார்த்த சோதனை எலிகளில் நடந்ததுதான். எலிக்குச் சர்க்கரை கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பணம் இல்லாவிட்டால், நாம் இன்னும் வாசகரின் மன உறுதியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இனி வாசகரின் தட்டுக்கு வருவோம். ஏறக்குறைய 40 கிராம் எடையுள்ள நெய் மைசூர்பாகில் கடலை மாவு 10 கிராம், சர்க்கரை 16 கிராம், நெய் 13 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாவில் சுமார் 38 கலோரி, சர்க்கரையில் 64, நெய்யில் 117. மொத்தம் 220 அளவில் வரும். பாதிக்கு மேல் நெய்யின் பங்கு என்பதால், 'சர்க்கரை இல்லாத' மைசூர்பாகு பெரிதாக உதவாது. நாளுக்கு 400 கலோரி குறைத்து உண்ணத் திட்டமிட்டவருக்கு, கணக்கில் சேராத இந்த ஒரு துண்டு பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

அதற்காக முற்றிலும் விலக்க வேண்டாம். அதே மைசூர்பாகை நான்காக வெட்டினால் ஒரு பங்கு 55 கலோரி. சலிப்பு விதி இங்கே நமக்குத் துணை: முதல் சில கடிகளில்தான் இன்பம் அதிகம். பங்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வகை இனிப்பு போதும். மூன்று வகை இருந்தால் சலிப்பு மூன்று முறை புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் ஒரு சிறிய ஏலக்கி வாழைப்பழமோ, ஒரு கிண்ணம் பப்பாளியோ, பேரீச்சை ஒன்றை நறுக்கிப் போட்ட கெட்டித் தயிரோ அந்த இடத்தை நிரப்பும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இனிப்பைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யலாம். இன்னொரு இட்லி இருந்தால் சாப்பிடுவீர்களா? ஆம் என்றால் அது பசி. இரவு உணவு போதவில்லை. பருப்போ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பசியில் தொட்ட மைசூர்பாகு கால் பங்கோடு நிற்காது. இட்லி வேண்டாம், இனிப்பு மட்டும் வேண்டும் என்றால் அது எண்டார்ஃபின் திறந்த கதவு. அதற்குக் கால் பங்கு போதும்.

நம் விருந்து இலையில் பாயசத்துக்குப் பிறகு மோர்ச் சோறும் ஊறுகாயும் வரும். நானும் இரவில் கால் பங்கு இனிப்பை முடித்ததும் உப்பிட்ட நீர்மோர் அரை டம்ளர் குடிக்கிறேன். வாயில் இனிப்பு தங்காததால், டப்பாவை மறுபடி திறக்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன.