பதவி உயர்ந்ததும் பயோவில் காணாமல் போன பம்பு

கோவையில் மனிதவளத் துறையில் இருப்பதால் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பேராவது பதவி உயர்வுக் கடிதத்தோடு என் மேசைக்கு வருகிறார்கள். "மேடம், பயோவை மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்க" என்பார்கள். கம்பெனி இணையதளத்துக்கும், லிங்க்ட்இனுக்கும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்புள்ளியோடு இணைக்கும் அறிமுகத்துக்கும் அதே பத்திதான் போகிறது.

பெரும்பாலானவர்கள் பழைய பயோவின் தலையில் புதுப் பதவியை ஒட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள். அது பார்த்ததும் தெரிந்துவிடும், சரிசெய்வதும் எளிது. எனக்குக் கவலை தருவது இன்னொரு வகை. பழையதை எல்லாம் அழித்துவிட்டு மேலாளர் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்கோ பார்த்த வாக்கியங்களை நிரப்பி வருகிறவர்கள். படிக்க அழகாக இருக்கும். அதனாலேயே யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பம்பு செய்யும் கம்பெனியில் 9 வருஷம் தர ஆய்வுப் பொறியாளர். வார்ப்பட உதிரிகள் உள்ளே வரும்போது பரிசோதிப்பது, மெஷினிங் முடிந்த பம்பு உறையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, சிஎம்எம் இயந்திரத்தில் அளவெடுப்பது எல்லாம் அவர் வேலை. அவரைத் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஆக்கினார்கள். 11 ஆய்வாளர்கள் அவருக்குக் கீழே. அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த புதுப் பயோவின் சாரம் இது:

"தொலைநோக்குள்ள தலைவர். தரப் பண்பாட்டை வளர்ப்பதிலும், குழுக்களை ஊக்குவித்து இலக்குகளை எட்டுவதிலும் அனுபவம் மிக்கவர். தொடர் முன்னேற்றத்தில் நம்பிக்கை கொண்டவர்."

"ஏனுங்க, இதுல பம்பு எங்கீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "இதை அப்படியே ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் எடுத்துப் போட்டுக்கலாமுங்களே" என்றதும் சிரிப்பு நின்றது. "மேனேஜர் ஆயிட்டு இன்னும் ஓட்டை, கசிவுன்னு எழுதினா சின்ன வேலையாத் தெரியாதுங்களா மேடம்?" என்றார். இந்தத் தயக்கம் அவருடையது மட்டும் அல்ல. கையால் செய்த வேலை கீழே, கையெழுத்துப் போடும் வேலை மேலே என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது.

இப்படி வருகிறவர்களிடம் பேனாவைத் தொடும் முன் ஒன்று கேட்பேன். நாளைக்கு நீங்கள் லீவு போட்டால் எந்த முடிவு எடுக்கப்படாமல் நிற்கும்? புதுப் பதவியின் பொறுப்பு நியமனக் கடிதத்தில் இருப்பதைவிட இந்தப் பதிலில்தான் தெளிவாகத் தெரியும். அவர் யோசித்துச் சொன்னார். சந்தேகமான லாட்டை லாரியில் ஏற்றலாமா, நிறுத்தலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் புகாருக்குக் காரணம் கண்டுபிடித்துப் பதில் எழுத வேண்டும். குறை வந்த வார்ப்படத்தைச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பி, அடுத்த லாட்டில் அது வராமல் பார்க்க வேண்டும். பயோவின் முதல் பாதிக்கு இந்த மூன்றுமே போதும்.

அடுத்த கேள்வி: இந்த முடிவுகளை எடுக்கும்போது பழைய வேலையில் கற்ற எது கைகொடுக்கிறது? போன மாதம் நடந்ததை விவரித்தார். பம்பு உறைகள் அழுத்தச் சோதனையில் கசிந்தன. "உங்க மெஷினிங்ல குத்தம், என் வார்ப்புல இல்லைங்க" என்றார் ஃபவுண்டரி முதலாளி. இவர் ஒரு உறையை அறுத்துக் காட்டினார். உள்ளே இருந்த குழியின் சுவர் வழவழப்பாக இருந்தது. வாயு அடைபட்டு உண்டான குழி அப்படித்தான் இருக்கும். உலோகம் உறையும்போது சுருங்கி உண்டான குழி சொரசொரப்பாக இருக்கும். மணல் அச்சில் ஈரம் கூடினால் வாயு கூடும். நேரே ஃபவுண்டரிக்குப் போய் மணலின் ஈரத்தை அளந்து பார்த்த பிறகு வாக்குவாதம் முடிந்தது.

"இதைத்தானுங்க அழிச்சீங்க" என்றேன். ஓட்டை பார்க்கத் தெரிந்ததால்தான் சப்ளையர் இவர் பேச்சைக் கேட்கிறார். பொறியாளராக இருந்தபோது அது ஒரு திறமை. மேலாளர் ஆன பிறகு அவர் சொல்லுக்கு எடை தருவது அதுதான். ஆகவே அது பயோவில் இருக்க வேண்டும், ஆனால் பழைய இடத்தில் அல்ல. முன்பு "வார்ப்படக் குறைகளைக் கண்டறிதல்" என்று பட்டியலின் முதல் வரியாக இருந்தது. இப்போது சப்ளையர் பொறுப்பைச் சொல்லும் வாக்கியத்துக்கு அடுத்து, அதற்கு ஆதாரமாக வர வேண்டும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது இப்படி வந்தது:

"பம்பு உற்பத்தி ஆலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். உதிரிகள் உள்ளே வருவது முதல் பம்பு வெளியே போவது வரை தர முடிவுகளுக்குப் பொறுப்பு. 11 ஆய்வாளர்கள் கொண்ட குழுவை நடத்துகிறார். வாடிக்கையாளர் புகார்களின் காரணத்தை ஆராய்ந்து, சப்ளையர்களுடன் சேர்ந்து திருத்தம் செய்கிறார். முன்பு 9 ஆண்டுகள் தர ஆய்வுப் பொறியாளராக வார்ப்படக் குறைகள், கசிவுச் சோதனை, அளவீடு ஆகியவற்றைக் கையாண்டவர். குறையின் மூலத்தை ஃபவுண்டரிக்கே சென்று கண்டறிவது இவர் வழக்கம்."

சிஎம்எம் என்ற பெயர் இந்தப் பத்தியில் இல்லை. அவர் இப்போது அந்த இயந்திரத்தை இயக்குவதில்லை, அதன் அறிக்கையைப் படித்துக் கையெழுத்திடுகிறார். அதனால் "அளவீடு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். ஆனால் லிங்க்ட்இனில் பழைய பதவிக்குக் கீழே உள்ள விவரத்தில் சிஎம்எம் அப்படியே இருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். மேலே சுருக்கிய சொல் கீழே எங்காவது முழுப் பெயரோடு இருந்தால்தான் தேடலில் அகப்படும்.

உள்தணிக்கை விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. பழைய பயோவில் "ஐஎஸ்ஓ 9001 உள்தணிக்கை செய்கிறார்" என்று நிகழ்காலத்தில் இருந்தது. அந்தத் தர அமைப்பின்படி தணிக்கை செய்பவர் பாரபட்சம் இல்லாதவராக இருக்க வேண்டும். தான் நடத்தும் துறையைத் தானே தணிக்கை செய்தால் அது நிற்காது. பொறியாளராக இருந்தபோது கொள்முதல், ஸ்டோர்ஸ் பகுதிகளைத் தணிக்கை செய்து வந்தார், அதில் சிக்கல் இல்லை. இப்போது தரத் துறையே அவருடையது. தரத் துறைத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு மொட்டையாக "உள்தணிக்கை செய்கிறார்" என்றும் இருந்தால், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வரும் தணிக்கையாளர் அதைத்தான் முதலில் தோண்டுவார். "உள்தணிக்கையாளர் பயிற்சி பெற்றவர்" என்று மாற்றி, பழைய பதவியின் கீழே இறக்கினோம். இதனால்தான் பதவி மாறும்போது பழைய வரிகளில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லின் காலத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

சாதனை எண்ணைப் பற்றியும் அவர் கேட்டார். பொறியாளராக இருந்தபோது ஒரு மாடலில் கழிவு விகிதத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கிறார்கள், அதைப் புதுப் பதவியின் கீழே போடலாமா என்று. கூடாது என்றேன். அது பழைய பதவியின் விளைவு, அங்கேதான் நிற்க வேண்டும், அதுவும் குழுவோடு சேர்ந்து செய்ததாக. தவிர, கழிவு விகிதம் கம்பெனியின் உள்விவரம். அனுமதி இல்லாமல் பொதுவில் போட முடியாது. மேலாளராக அவருக்கு அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு வாரத்தில் விளைவைச் சொல்ல ஆரம்பித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் புதுப் பதவிக்கு எல்லை மட்டும் எழுதினோம்: எத்தனை பேர், எதிலிருந்து எதுவரை, எந்த முடிவு.

லிங்க்ட்இனில் நான் அதிகம் பார்க்கும் பிழையை இவரும் செய்திருந்தார். பழைய பதவியைத் திறந்து, "பொறியாளர்" என்பதை அழித்து "மேலாளர்" என்று போட்டுவிட்டார். ஒரே நொடியில் 9 வருஷமும் மேலாளராக இருந்தவர் ஆகிவிட்டார்! அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நாளைக்கு வேறு இடத்துக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் பதவியையும் தேதியையும் அனுபவச் சான்றிதழோடு ஒப்பிடுவார்கள். அங்கே பொய் சொன்னவர் போல நிற்க வேண்டியிருக்கும். புதுப் பதவியைத் தனியாகச் சேர்த்து, அதே கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு பதவிகளும் ஒரே கம்பெனிப் பெயரின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக, அததன் காலத்தோடு நிற்கும். உள்ளேயே வளர்ந்தவர் என்பதும் சொல்லாமலே தெரியும். தொடக்கத் தேதி கேக் வெட்டிய நாள் அல்ல, கடிதத்தில் உள்ள அமலாகும் நாள்.

பதவிப் பெயரும் கடிதத்தில் உள்ளபடியே. சில இடங்களில் முதலில் பொறுப்பாக மட்டும் கொடுத்து, சில மாதம் கழித்து உறுதிசெய்வார்கள். அரசு அலுவலகப் பலகைகளில் பெயருக்குப் பக்கத்தில் "பொறுப்பு" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனியார் ஆட்களுக்கு அப்படிப் போட வெட்கமாக இருக்கிறது. உறுதியாகும் வரை பழைய பதவியை வைத்துக்கொண்டு, "தற்போது தரத் துறையின் பொறுப்பையும் கவனிக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்தால் உண்மையும் கெடாது, கௌரவமும் கெடாது.

தலைப்பு வரி தனிக் கதை. லிங்க்ட்இன் அதற்கு 220 எழுத்துகள் வரை தருகிறது என்றாலும், கைப்பேசியில் தேடுகிறவர் கண்ணில் படுவது தொடக்கப் பகுதிதான். அதனால் பதவியும் தொழிலும் முதலில், பழைய பலம் கடைசியில்: "தரக் கட்டுப்பாட்டு மேலாளர், பம்பு உற்பத்தி | சப்ளையர் தரம், வாடிக்கையாளர் புகார் | வார்ப்படக் குறை ஆய்வு." பின்பகுதி வெட்டுப்பட்டாலும் முன்பகுதி தனியாக நிற்கும்.

எழுதியது சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். பயோவைப் பழைய சகா ஒருவரிடமும், பதவி உயர்ந்த பிறகு அறிமுகமான ஒருவரிடமும் கொடுத்துப் பெயரை மறைத்துப் படிக்கச் சொல்வேன். பழையவர் "இது நம்ம ஆளு" என்று அடையாளம் கண்டால் பழைய பலம் தங்கியிருக்கிறது. புதியவர் எந்த விஷயத்துக்கு இவரைக் கூப்பிட வேண்டும் என்று சரியாகச் சொன்னால் புதுப் பொறுப்பு மேலே வந்திருக்கிறது. இவர் முதலில் கொண்டுவந்த பயோவை லைனில் வேலை பார்க்கும் ஆய்வாளரிடம் காட்டினேன். "யாருங்க இது, புது ஜி.எம்.மா?" என்றார். இரண்டாவதைப் படித்ததும், "ஃபவுண்டரிக்கே போயிருவாருல்ல, நம்ம சார்தான்" என்றார்.

இந்தப் பயோவும் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் மேலாளராக அவர் செய்தது ஏதாவது பேசும்படி இருந்தால், அது இரண்டாவது வாக்கியமாக ஏறும். அப்போது கசிவுச் சோதனையும் அளவீடும் பத்தியிலிருந்து இறங்கி, பழைய பதவியின் கீழே போகும். ஃபவுண்டரி வரியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.